போனில் எடுத்த வரைபடத்தில் தூரம் பார்ப்பது

கேள்வி: பழைய 1:50,000 வரைபடத்தை போனில் படம் பிடித்தேன். 5 நிமிடத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. திருவையாறு பக்கம் எங்கள் பம்புசெட் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் இருந்து நேர்தூரமும் வேண்டும். ஓரத்து அளவுகோலை வைத்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறதே?

பதில்: அளவுகோலை மறந்துவிடுங்கள். போனைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் தாளின் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் விழும். ஓரத்தில் உள்ள அளவுகோல் நடுவில் உள்ள புள்ளிக்குப் பொருந்தாது. புள்ளியைச் சுற்றியிருக்கும் நாலு கோடுகள்தான் நம்பகமானவை.

படத்தைக் கணினியில் பெயின்ட்டில் திறங்கள். கர்சரை வைத்த இடத்தின் பிக்சல் எண் கீழே தெரியும். உங்கள் புள்ளி 79°05', 79°10' கோடுகளுக்கு நடுவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியின் உயரத்திலேயே இடக்கோடு 412, வலக்கோடு 1387, அகலம் 975. புள்ளி 646-இல் இருந்தால் இடக்கோட்டில் இருந்து 234. அதை 975-ஆல் வகுத்தால் 0.24, 5 நிமிடத்தில் அது 1.2. ஆக தீர்க்கரேகை 79°06.2'.

அட்சரேகையில் பலரும் சறுக்குவார்கள், ஏனென்றால் பிக்சல் எண் மேலிருந்து கீழே கூடும், அட்சரேகையோ கீழிருந்து மேலே. 10°50' கோடு 1630-இலும் 10°55' கோடு 640-இலும் உள்ளன, புள்ளி 1036. கீழ்க்கோட்டில் இருந்து 594, அதை 990-ஆல் வகுத்தால் 0.6, அதாவது 3 நிமிடம். விடை 10°53.0'.

அதே படத்தில் பெரிய கோயிலையும் இப்படியே படித்தால் 10°47.0', 79°07.9' வரும். வித்தியாசம் வடக்கே 6.0 நிமிடம், மேற்கே 1.7 நிமிடம். டெல்டாவில் அட்சரேகையின் ஒரு நிமிடம் 1.843 கி.மீ., தீர்க்கரேகையின் ஒரு நிமிடம் 1.822 கி.மீ. (துருவத்தை நோக்கிப் போகப் போக பின்னது சுருங்கும், நம் ஊரில் சுருக்கம் சொற்பம்.)

```
6.0 × 1.843 = 11.06
1.7 × 1.822 = 3.10
√(11.06² + 3.10²) = 11.49
```

நேர்தூரம் சுமார் 11.5 கி.மீ. சாலை வளைந்து போவதால் பஸ்ஸில் இதைவிடக் கூடத்தான் இருக்கும்.

10 பிக்சல் தவறினால் ஏறத்தாழ 90 மீட்டர் பிசகும். அதனால் மூன்று தடவை படித்துச் சராசரி எடுங்கள். கட்டத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நீளத்தில் கண்ணுக்குத் தெரியும்படி மாறினால், போனைத் தாளுக்கு நேர்மேலே பிடித்து மறுபடி படம் எடுப்பதே மேல்.

போன் வரைபடத்தில் தேடும்போது 10°53'-ஐ 10.53 என்று தட்டிவிடாதீர்கள். 53-ஐ 60-ஆல் வகுத்து 10.883 என்று போடவேண்டும். இல்லையென்றால் பம்புசெட் 39 கி.மீ. தெற்கே போய்விடும். சரியாகப் போட்டும் குறி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தால் உங்கள் கணக்கைச் சந்தேகிக்கவேண்டாம். பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற அளவை அடித்தளத்தில் வரைந்தவை, ஜி.பி.எஸ். வேறொன்றைப் பின்பற்றுகிறது. இரண்டு புள்ளிகளும் ஒரே தாளில் இருந்து எடுத்தவை என்றால் இரண்டும் ஒன்றுபோல நகர்ந்திருக்கும், தூரம் மாறாது. ஒன்றைத் தாளிலும் மற்றதை போனிலும் எடுத்தால்தான் வம்பு.