கிரீன்லாந்தை வெட்டித் தராசில் வைத்தால்

உலக வரைபடத்தில் நாடுகளின் பரப்பு ஏன் மாறித் தெரிகிறது என்று போன வாரம் சும்மா நாலு வரி எழுதினேன். அதற்கு வேலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சத்துவாச்சாரியில் உட்கார்ந்து வருஷக்கணக்காக, கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ் வேலை பார்க்கிறவன் நான். தெரிந்தவரை சொல்கிறேன்.

குடியாத்தம், பள்ளி ஆசிரியை: எங்க கிளாஸ்ல தொங்குற மேப்புல கிரீன்லாந்து இந்தியாவைவிட பல மடங்கு பெருசா இருக்கு. புத்தகத்துல இந்தியாதான் பெருசுன்னு போட்டிருக்கு. பிள்ளைங்க எதை நம்பறது?

புத்தகத்தை நம்பச் சொல்லுங்கள் டீச்சர். இந்தியா ஏறக்குறைய 32.9 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து 21.7 லட்சம். அதாவது இந்தியா ஒன்றரை மடங்கு பெரியது. உங்கள் சுவரில் தொங்குவது மெர்கேட்டர் என்பவர் வகுத்த உலகப் படமாக இருக்க வேண்டும். மேலே போகப் போக அட்சரேகைகளுக்கு நடுவே இடைவெளி விரிந்துகொண்டே போகிறதா என்று பாருங்கள். போனால் பெரும்பாலும் அதுதான்.

உங்கள் மேசையில் உலக உருண்டை இருக்கும். அதில் தீர்க்கரேகைகள் வடதுருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். 60 பாகை அட்சரேகையில் பூமியைச் சுற்றிவரும் வட்டம், பூமத்தியரேகையின் நீளத்தில் சரிபாதிதான். மெர்கேட்டர் படத்தில் இரண்டும் ஒரே நீளம். அப்படியென்றால் அங்கே உள்ள நிலம் கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு இழுக்கப்பட்டுவிட்டது. அதோடு விட்டால் உருவம் சப்பையாகிவிடும் என்று, வடக்கு தெற்காகவும் அதே இரண்டு மடங்கு இழுத்தார் மெர்கேட்டர். பரப்பு நான்கு மடங்கானது. கணக்காக எழுதினால் `1 / cos²(φ)`, இதில் φ என்பது அட்சரேகை. நம் வேலூர் 12.9 பாகையில் இருக்கிறது, அதனால் 5 சதவீதம்தான் ஊதும். கிரீன்லாந்தின் நடுப்பகுதி 72 பாகை வாக்கில் இருக்கிறது. அங்கே 10 மடங்குக்கு மேல், அதன் வடகோடியில் இன்னும் பல மடங்கு. படத்தில் அது இந்தியாவைப் போல எட்டொன்பது மடங்கு தெரிவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

1569இல் அவர் இதைத் தெரியாமல் செய்யவில்லை. ஒரே திசைகாட்டிக் கோணத்தில் கப்பலை ஓட்டினால், அந்தப் பாதை இந்தப் படத்தில் நேர்கோடாக விழும். மாலுமிக்கு வேண்டியது அது. வகுப்பறைச் சுவரில் மாட்டியது நாம்.

ஆம்பூர், டேனரி வேலை: ஈரத் தோலை சட்டத்துல இழுத்து மாட்டினா காயும்போது சதுர அடி கூடிடும். மேப்பும் அப்படித்தானா சார்?

இத்தனை வருஷத்தில் இந்த உவமை எனக்குத் தோன்றவே இல்லை. ஆமாம், மெர்கேட்டர் என்பது நாலு பக்கமும் இழுத்து மாட்டிய தோல். அதுவும் நடுவில் லேசாகவும், மேலேயும் கீழேயும் கன்னாபின்னாவென்றும் இழுத்தது. அதைச் சதுர அடிக் கணக்கில் விற்றால் யாருக்கு லாபம் என்று உங்களுக்கே தெரியும்.

பரப்பை மாற்றாமல் காட்டும் சமபரப்புப் படம் என்றால் இழுக்காத தோல் என்று நினைத்துவிடாதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேயாவது இழுபடத்தான் செய்யும். ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பக்கம் இரண்டு மடங்கு இழுத்தால், குறுக்கே பாதியாகச் சுருக்கியாக வேண்டும். உருவம் கோணலாகும், சதுர அடி மாறாது. உருவம், பரப்பு இரண்டையும் எல்லா இடத்திலும் காப்பாற்றும் தட்டைப் படம் கிடையவே கிடையாது.

ராணிப்பேட்டை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: மெர்கேட்டர் தப்பு, பீட்டர்ஸ்தான் நியாயமான மேப்னு படிச்சேன் அண்ணா. எல்லாரும் பீட்டர்ஸ் மாட்டிட்டா பிரச்சனை முடிஞ்சதுதானே?

பாதி சரி தம்பி. பீட்டர்ஸ் படத்தில் பரப்பு உண்மையாகவே சரி. 1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் அதைப் பிரபலமாக்கினார். ஆனால் அதே அமைப்பை ஜேம்ஸ் கால் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1855இலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் கால்-பீட்டர்ஸ் என்கிறார்கள்.

கோளாறு எங்கே என்றால், அதில் உருவம் சரியாக வரும் இடம் 45 பாகை. பூமத்தியரேகைப் பக்கம் வந்தால் நெட்டுக்கு இழுத்து, குறுக்கே நசுக்கிவிடும். தமிழ்நாட்டுக்கு அந்த விகிதம் ஏறக்குறைய 1.9. குமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கும். வெப்பமண்டல நாடுகளுக்கு நியாயம் செய்கிறேன் என்று வந்த படம், உருவத்தில் அதே வெப்பமண்டலத்தைத்தான் கெடுக்கிறது. எனக்கு இது கொஞ்சம் எரிச்சல்.

சுவரில் மாட்ட ஒன்று கேட்டால் நான் ஈக்வல் எர்த் என்பேன். 2018இல் ஷாவ்ரிச், பாட்டர்சன், ஜென்னி மூவரும் வெளியிட்டது. பரப்பு முழுக்கச் சரி, உருவமும் கண்ணை உறுத்தாது. QGIS மென்பொருளில் `EPSG:8857` என்று தேடினால் வரும். ராபின்சன் படம் பார்க்க இதைப் போலவே இருக்கும், ஆனால் அது சமபரப்பு இல்லை. ஏமாந்துவிடாதே.

சீக்கிரச் சோதனை ஒன்று சொல்கிறேன். காங்கோ ஜனநாயகக் குடியரசு 23.4 லட்சம் சதுர கிலோமீட்டர், பூமத்தியரேகை மேலேயே இருக்கிறது. கிரீன்லாந்து அதைவிடச் சற்றுச் சிறியது. எந்தப் படத்தில் கிரீன்லாந்து காங்கோவைவிடப் பெரிதாகத் தெரிகிறதோ, அது சமபரப்புப் படம் இல்லை.

ஆற்காடு, ஓய்வுபெற்ற சர்வேயர்: கோணம் மாறாத மேப்தான் ஒழுங்கான மேப். பரப்பு வேணும்னா புலப்படத்தை எடுத்துப் பாருங்க. உருண்டையைத் தட்டையாக்க எதுக்கு இத்தனை புரொஜெக்‌ஷன்?

ஐயா, உங்கள் வேலைக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஒரு சர்வே எண்ணுக்குள் உருண்டையின் வளைவு பொருட்டே இல்லை. கோணம் தப்பினால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். நான் பேசுவது கண்டம், நாடு, மாநிலம் அளவு. அங்கே யாரும் படத்தில் கோணம் அளப்பதில்லை. எது பெரிது, எது சிறிது என்று கண்ணால் எடைபோடுகிறார்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: QGIS-ல சாட்டிலைட் படத்து மேல எங்க ஊர் ஏரி எல்லையை வரைஞ்சேன். ஒரு வழியில 211.8 ஹெக்டேர், இன்னொரு வழியில 200 வருது. வேலூர்ல 5 சதவீதம்தான் ஊதும்னீங்க, இது 6 கிட்ட இருக்கே?

நன்றாகக் கவனித்திருக்கிறாய். பின்னணிப் படத்தோடு சேர்ந்து உன் லேயரும் `EPSG:3857` ஆகிவிட்டது. இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் அது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதை அது கணக்கில் எடுக்காமல், முழு உருண்டை என்றே வைத்துக்கொள்கிறது. மேலே நான் சொன்ன சூத்திரம் தரும் 5.3 சதவீதத்தோடு, நம் அட்சரேகையில் இன்னொரு 0.6 சதவீதம் அதனால் சேர்கிறது. 200 ஹெக்டேர் 211.8 ஆகும். இரண்டையும் இப்படி ஒப்பிட்டுப் பார்:

```
area($geometry) / 10000
area(transform($geometry, 'EPSG:3857', 'EPSG:32644')) / 10000
```

இரண்டாவது வரிதான் சரி. நம் பகுதிக்கென்று இருக்கும் `EPSG:32644` படம் சமபரப்பு இல்லைதான், ஆனால் வேலூர் பக்கம் ஒரு ஏரிக்கு அதன் பிழை 0.02 சதவீதம் அளவுதான். ஏரிக்கரையை நீ வரைந்த கோட்டில் அதைவிடப் பிழை இருக்கும். `$area` என்று போட்டாலும் சரியாக வரும், புராஜெக்ட் அமைப்பில் எலிப்சாய்டு ‘None’ என்று இல்லாதவரை.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்துக்கு ஏரிப் பட்டியல் கொடுத்தேன், எல்லா ஏரியும் ஒரே சீராக 6 சதவீதம் அதிகம். தப்பு ஒரே சீராக இருந்ததால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

வாணியம்பாடி, கார் ஓட்டுநர்: அப்போ போன்ல வேலூர்-சென்னை தூரம் காட்டுறதும் தப்பா? நான் அதை வெச்சுத்தான் வாடகை பேசறேன்.

இல்லை, தைரியமாகப் பேசுங்கள். திரையில் தெரியும் படத்தை அளந்து போன் தூரம் சொல்வதில்லை. சாலையின் ஆயத்தொலைவுகளை வைத்துத் தனியாகக் கணக்கிடுகிறது. நான் சொல்வது கண்ணால் பார்த்துப் பரப்பை ஒப்பிடுவதைப் பற்றி மட்டும்தான்.

வேலூர், பத்திரிகையில் வடிவமைப்பு: இந்தியாவுக்குள்ள மட்டும் மேப் போட்டா இந்தத் தொல்லை இல்லைதானே?

இருக்கிறது. ராஜஸ்தான் 3,42,239 சதுர கிலோமீட்டர், தமிழ்நாடு 1,30,058. அதாவது 2.63 மடங்கு. இணைய மெர்கேட்டரில் ராஜஸ்தான் இருக்கும் அட்சரேகையில் பரப்பு ஏறக்குறைய 1.25 மடங்கு ஊதும், தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 1.04தான். விகிதம் 3.16 ஆகிவிடும். ஸ்ரீநகர் பக்கம் போனால் 46 சதவீதம் ஊதல். மாநிலவாரியாக வண்ணம் தீட்டும் படத்தில் இது நேரடியாகப் பொய் சொல்லும், ஏனென்றால் வாசகர் கண் எண்ணைப் படிப்பதற்கு முன் எத்தனை சிவப்பு என்று கூட்டிவிடுகிறது.

இந்தியாவுக்கு ஆல்பர்ஸ் கூம்புச் சமபரப்புப் படம் பொருந்தும். QGIS-ல் கஸ்டம் புரொஜெக்‌ஷனாக இதைக் கொடுங்கள்:

```
+proj=aea +lat_1=13 +lat_2=32 +lat_0=22
+lon_0=82 +datum=WGS84 +units=m
```

13, 32 என்ற இரண்டு அட்சரேகைகளில் உருவமும் அளவும் பிசகாது. அதில் ஒன்று கிட்டத்தட்ட நம் கோட்டை மேலேயே ஓடுகிறது என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். எந்த இரண்டைத் தேர்ந்தாலும் பரப்பு மாறாது, உருவம் எங்கே எவ்வளவு கோணும் என்பதுதான் மாறும். 13-32 போடுவதா 12-30 போடுவதா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு உண்டு.

குடியாத்தம் ஆசிரியை மறுபடியும்: பிள்ளைங்க கையாலேயே செஞ்சு பார்க்க ஏதாவது இருக்கா?

இருக்கிறது டீச்சர். ஈக்வல் எர்த் படத்தை 40 சென்டிமீட்டர் அகலத்தில், 300 ஜிஎஸ்எம் அட்டையில் பிரிண்ட் எடுங்கள். ஆப்பிரிக்கா, இந்தியா, கிரீன்லாந்து மூன்றையும் பிள்ளைகள் கரை தப்பாமல் வெட்டட்டும். மடகாஸ்கரை மறந்துவிடுவார்கள், அதையும் ஆப்பிரிக்காவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே அட்டை என்பதால் எடைதான் பரப்பு. ஆப்பிரிக்கா 1.2 கிராம் பக்கம் வரும், இந்தியா 0.13, கிரீன்லாந்து 0.09. சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. கடைத்தெருவில் தெரிந்த நகைக்கடைக்காரர் இருந்தால் மில்லிகிராம் தராசில் வைத்துத் தருவார்.

அப்புறம் இதே மூன்றையும் சுவரில் தொங்கும் மெர்கேட்டரிலிருந்து எடுத்து, அதே வகை அட்டையில் வெட்டி நிறுக்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவும் கிரீன்லாந்தும் கிட்டத்தட்ட ஒரே எடை காட்டும். நகைக்கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்ப்பார்.