லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், அதாவது எல்.எஸ்.டி: மாடிஃபையர் பாட்டில் எப்போது தேவை?

“75W-90 எல்.எஸ். கியர் ஆயில் மாற்றினேன். மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடன்னு அதிருது. ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரும் ஊத்தணுமா?”

இப்போதைக்கு வேண்டாம். ‘லிமிடெட் ஸ்லிப்’ என்று போட்ட ஆயிலில், உராய்வைச் சீராக்கும் இந்த மாடிஃபையர் பெரும்பாலும் ஏற்கெனவே கலந்திருக்கும்.

புது ஆயில் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளுக்கிடையே இன்னும் முழுசாக இறங்கியிருக்காது. அதனால் தட்டுகள் ஒட்டி ஒட்டி விடுபடும். அதுதான் அந்த அதிர்வு. ஆயில் சூடானதும் காலி இடத்தில் எட்டு வடிவத்தில் மெதுவாகப் பத்து முறை ஓட்டுங்கள். அதிர்வு நிற்கவில்லையென்றால் மாடிஃபையரை ஒவ்வொரு தடவையும் 30 மி.லி. மட்டும் ஊற்றி மறுபடி அப்படியே ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கியதும் நிறுத்திவிடுங்கள். மிஞ்சினால் தட்டுகள் வழுக்கும், சேற்றில் ஒரே சக்கரம் சும்மா சுற்றும்.

இது கிளட்ச் வகைக்கு மட்டும். டார்சன் போன்ற பல்சக்கர வகைக்கும் சாதா டிஃபரென்ஷியலுக்கும் அந்தப் பாட்டில் தண்டச் செலவு. வண்டிக் கையேடு தனியாகச் சேர்க்கச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். முழு அளவு ஊற்றியும் அதிர்ந்தால் தட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.