வாங்கும் விலையும் விற்கும் விலையும்: வகுப்பறையில் ஒரு நாணய மாற்றுக் கடை

கேள்வி: ஏழாம் வகுப்பில் பொம்மைப் பணத்தை வைத்து நாணய மாற்றுக் கடை நடத்தினேன். கணக்குப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை ஏன் என்பது யாருக்கும் புரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பலகையில் உள்ள இரண்டு விலைகளும் கடைக்காரரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை, குழந்தைகள் அவற்றைத் தங்கள் பக்கத்திலிருந்து படிப்பதால்தான் பெரும்பாலும் குழம்புகிறார்கள். சிங்கப்பூர் டாலருக்கு வாங்கும் விலை 60 ரூபாய், விற்கும் விலை 64 ரூபாய் என்று விளையாட்டுக்காக வைத்துக்கொள்வோம். 960 ரூபாயுடன் வரும் குழந்தை 16 டாலர் கேட்டால், தான் வாங்குவதால் ‘வாங்கும் விலை’யைப் பார்த்திருக்கிறது என்று பொருள். ஆகவே பலகையில் ‘நாங்கள் டாலர் வாங்குவது’, ‘நாங்கள் டாலர் விற்பது’ என்றே எழுதுங்கள். (தாள்களை உண்மையான ரூபாய் நோட்டைப் போல வரையவோ நகலெடுக்கவோ வேண்டாம், அதற்குச் சட்டத்தில் தடை உள்ளது. வண்ணத் தாளில் எண் மட்டும் போதும்.)

முதல் சுற்றில், பயணம் நின்றுபோனதாகச் சொல்லி எல்லோரையும் வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். 960 ரூபாய்க்கு 15 டாலர் வாங்கிய குழந்தை அதைத் திருப்பிக் கொடுக்கும்போது கையில் 900 ரூபாய்தான் இருக்கும். குறைந்த 60 ரூபாய் கடையின் கல்லாவில் இருப்பதைக் குழந்தைகளே எண்ணிப் பார்க்கட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று யாராவது சொல்வார்கள்; அப்போது விளக்கம் சொல்லாமல் அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

இப்போது கடை நடத்தும் குழந்தை 900 ரூபாய் கொடுத்து 15 டாலரை வாங்கி வைத்திருக்கட்டும். அதை விற்பதற்குள் நீங்கள் பலகையை அழித்து 56, 60 என்று மாற்றுங்கள். 15 டாலரும் இனி 900 ரூபாய்க்குத்தான் போகும். லாபம் இல்லை, நட்டமும் இல்லை. விலையை 52, 56 என்று இறக்கினால் 840 ரூபாய்தான் கிடைக்கும், 60 ரூபாய் நட்டம். விலை சரியும்போது கையிருப்பைத் தாங்குவதற்கும், கடைச் செலவுக்கும், ஆதாயத்துக்கும் சேர்த்தே அந்த 4 ரூபாய் இடைவெளி வைக்கப்படுகிறது என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்த குழந்தை எளிதில் உணர்ந்துகொள்ளும். எனவே எல்லோருக்கும் ஒருமுறையாவது அந்த இடம் கிடைக்க வேண்டும். வாடிக்கையாளராக மட்டுமே இருந்த குழந்தைக்கு இந்தப் பாடம் பாதிதான்.

இரண்டாவது கடை திறந்தால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் கடை 64-க்கு விற்க, மற்றது 65-க்கு வாங்கினால், ஒரு குழந்தை இரண்டுக்கும் இடையே ஓடி ஓடியே பணம் சேர்த்துவிடும். தொடக்கச் சுற்றுகளில், ஒரு கடையின் வாங்கும் விலை மற்றதன் விற்கும் விலையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் வேண்டுமென்றே தாண்ட விடலாம். முதல் கடையில் டாலரும் இரண்டாவதில் ரூபாயும் தீரத் தொடங்கும்போது, நீங்கள் சொல்லாமலே கடைக்காரக் குழந்தைகள் பலகையை அழித்து எழுதுவார்கள்.