'சங்க்கார' என்ற பாலிச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பௌத்த நூல்களில் வரும் இந்தச் சொல் பாலியில் சங்க்கார, சமஸ்கிருதத்தில் சம்ஸ்கார. தமிழிலும் சம்ஸ்காரம் என்றே போட்டுவிட்டால் என்ன?

பதில்: இணைச்சொல் சரிதான். ஆனால் நம் வாசகருக்குச் சம்ஸ்காரம் என்றதும் ஈமச்சடங்குதான் நினைவுக்கு வரும். வேர்ப்பொருள் 'சேர்த்துச் செய்தல்'. செய்கிற செயலையும் அது குறிக்கும், செய்து முடிந்த பொருளையும் குறிக்கும். சமஸ்கிருதச் சொல்லுக்கும் இதே இரண்டு பக்கம் உண்டு. எந்தப் பக்கம் என்று அந்தந்த வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: தம்மபதம் 277, 'சப்பே சங்க்காரா அனிச்சா'. 'எல்லாச் செய்கைகளும் நிலையற்றவை' என்று எழுதினேன். மணிமேகலையிலேயே செய்கை என்றுதானே இருக்கிறது?

பதில்: பாதி சரி. 'பேதைமை செய்கை உணர்வே' என்று மணிமேகலை அடுக்குவது, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளை. பேதைமையால் ஒருவன் செய்வதைப் பற்றிய பேச்சு அது, அதனால் செய்கை அழகாகப் பொருந்துகிறது. மனிதனை ஐந்து கூறாகப் பிரிக்கும் ஐங்கந்தத்தைச் சொல்லும்போது அதே நூல் செய்கையை விட்டுவிட்டுப் பாவனை என்கிறது. இடம் மாறினால் சொல்லும் மாறலாம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல முன்னோடி வேண்டாம்.

277-இல் பேச்சு செய்து முடிந்தவற்றைப் பற்றியது. மலையும் உடம்பும் நினைப்பும் அதில் அடங்கும். இரண்டு பாட்டுத் தள்ளி 279-ஐப் பாருங்கள், அங்கே 'சப்பே தம்மா அனத்தா' என்று சொல் மாறுகிறது. விடுதலை நிலையான நிப்பானம் ஆக்கப்பட்டதல்ல, அதையும் உள்ளடக்கத்தான் தம்மா என்ற அகலமான சொல் வந்தது என்பது மரபான விளக்கம். நீங்கள் செய்கை என்று எழுதினால் இந்த வேறுபாடே வாசகருக்குத் தெரியாமல் போகும். நான் 'ஆக்கப்பட்டவை எல்லாம் நிலையற்றவை' என்று எழுதுவேன்.

கேள்வி: சூரசங்காரத்தில் வருகிற சங்காரம்தானே இது? அழிவதால்தான் நிலையற்றவை என்கிறார்களா?

பதில்: இல்லைங்க, அது சம்ஹாரம். வேரே வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும் என்றுதான் நான் 'க்க' போட்டு எழுதுகிறேன்.

கேள்வி: நான் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானத் தியானம் பயில்கிறேன். காயசங்க்கார என்றால் மூச்சு என்று ஆசிரியர் சொன்னார். பன்னிரு சார்பிலும் மூச்சுதானா?

பதில்: உங்கள் பயிற்சிக்கு அவர் சொன்னது சரி. சூளவேதல்ல சுத்தத்தில் தம்மதின்னா பிக்குணி அப்படித்தான் விளக்குகிறார். மூச்சு உடம்போடு கட்டுண்டது, அதனால் அது காயசங்க்கார.

சிக்கல் எங்கே என்றால், பன்னிரு சார்பைப் பேசும் நிதான சம்யுத்தத்தின் இரண்டாம் சுத்தமும் சங்க்காரவை உடம்பு, பேச்சு, சித்தம் எனப் பொருள்படும் காய, வசீ, சித்த என்று அதே பெயர்களில் மூன்றாகப் பிரிக்கிறது. அங்கே உரைமரபு மூச்சை விட்டுவிட்டு, மூன்று வாயில் வழியாகச் செய்யும் வினை என்கிறது. இங்கேதான் சமஸ்கிருத இணைநூல் கைகொடுக்கும். பன்னிரு சார்பை விளக்கும் சமஸ்கிருதச் சூத்திரத்தில் மூன்றாவது 'மனஃசம்ஸ்கார'. காயம், வாக்கு, மனம் என்பது வினையின் மூன்று வாயில்களேதான். அதனால் செய்கை என்று எழுதுகிறேன்.

ஆனால் பாலியில், தம்மதின்னா சொல்வதைப் போலவே, சித்த என்று இருப்பதைச் சாதாரணமாகத் தள்ள முடியாது. தம்மதின்னாவின் விளக்கமே இங்கும் செல்லும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். சமஸ்கிருதப் பாடம் பின்னால் வினைப் பாகுபாட்டுக்கு ஏற்பச் சீராக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அதனால் இந்த ஓரிடத்தில் மட்டும் செய்கை என்று எழுதி, மூச்சு என்ற பொருளையும் அடிக்குறிப்பில் தருகிறேன்.