சுறாவின் நெடி: வாசகர் கேள்விகள்

காலையில் வாங்கிய சுறாவில் வாடையே இல்லை. மாலையில் எடுத்தால் மூக்கைத் துளைக்கிறது. மருந்து ஏதாவது தடவி விற்கிறார்களா? (குடியாத்தம் வாசகி)

மருந்து இல்லை, யூரியா. சுறாவும் திருக்கையும் கடலின் உப்பைச் சமாளிக்க யூரியாவை உடம்பிலேயே தேக்கி வைத்திருக்கும். 100 கிராம் சதையில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். யூரியாவுக்கு வாடை கிடையாது. மீன் செத்தபின் கிருமிகள் அதை உடைத்து அமோனியாவாக்குகின்றன, அதுதான் அந்த நெடி. காசிமேட்டிலிருந்து வேலூருக்கே சுமார் 140 கிலோமீட்டர். அதற்கு முன் படகில் கிடந்த நேரம் வேறு. வீட்டுக்கு வந்ததும் ஊறவைக்காமல் மாலைவரை வெளியில் வைத்தால் நெடி வரத்தான் செய்யும்.

ஒரு கிலோ சுறாவை முழுத் துண்டமாகச் சுடுதண்ணீரில் புளி கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்தேன். ஊறியபின் நெடியே இல்லை. குழம்பில் மட்டும் கசப்பு. மீன்காரர் ஏமாற்றிவிட்டாரா? (காட்பாடி வாசகர்)

மீன்காரரை விடுங்கள். நீங்கள் செய்ததில் மூன்று பிழைகள். இதை எத்தனை முறை எழுதினாலும் புளியைத்தான் முதலில் கரைக்கிறீர்கள்!

புளி, எலுமிச்சை, மோர் எல்லாம் புளிப்பு. புளிப்பு அமோனியாவைப் பிடித்து ஆவியாகாத உப்பாக மாற்றும். அதனால் நெடி அடங்கும். ஆனால் சதைக்குள் இருக்கும் யூரியாவைப் புளிப்பு தொடுவதில்லை. அதை வெளியே இழுப்பது தண்ணீர்தான். உங்கள் ஒரு கிலோவில் சுமார் 20 கிராம் யூரியா. முழுத் துண்டத்தின் நடுவில் இருப்பது அரைமணியில் எங்கே வெளியே வரும்? குழம்பில் கசந்தது அதுதான். சுடுதண்ணீர் மேல்சதையை வேகவைத்து அந்த வழியையும் அடைத்துவிட்டது. தோலின் சொரசொரப்பைச் சுரண்டி எடுக்க அரை நிமிடம் சுடுதண்ணீரில் முக்குவது சரி, ஊறவைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இது. முதலில் முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்பு இரத்தக் கோட்டைக் கத்தி நுனியால் வழித்தெடுங்கள். சதையை விரல் கனத் துண்டுகளாக நறுக்குங்கள். மீனைப் போல் மூன்று மடங்கு தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு 20 நிமிடம் வையுங்கள், கொட்டுங்கள், புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. முதல் தண்ணீர் கலங்கி நுரைக்கும், மூன்றாவது தெளிவாக இருக்கும். தெளியவில்லை என்றால் நான்காவது முறையும் மாற்றுங்கள். அதன்பின் எலுமிச்சை பிழிந்த தண்ணீரிலோ நீர்மோரிலோ கால்மணி நேரம். முதலில் தண்ணீர், கடைசியில் புளிப்பு. இதை மாற்றினால் வாடையைத்தான் மறைக்கிறீர்கள், யூரியாவை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்தால் சதை நீர் கோத்துச் சப்பென்று ஆகிவிடும்.

மஞ்சள் தூளும் கல் உப்பும் தேய்த்துக் கழுவினால் போதாதா? (ஆற்காடு)

போதாது. மேல் கழிவு போகும், உள்ளிருக்கும் யூரியா அப்படியே இருக்கும்.

திருக்கைக்கும் இதேதானா? (வாலாஜாபேட்டை)

இதேதான். இறகுத் துண்டுகள் மெலிதாக இருப்பதால் இரண்டு முறை தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும். குருத்தெலும்போடு நறுக்கிப் போடலாம்.

ஞாயிறன்று வாங்கி, கவரோடு ஃபிரிட்ஜில் வைத்துப் புதன்கிழமை எடுத்தேன். லேசாக நெடி. ஊறவைத்துச் சமைக்கலாமா? (ஆம்பூர்)

இன்னும் ஊறவைக்காத மீனைக் கவரோடு மூன்று நாள் வைப்பதா? வாங்கிய அன்றே ஊறவைத்து, நன்றாக வடித்து, பிறகு ஃபிரீசரில் வையுங்கள் என்று முன்பும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மீனுக்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு முறை தண்ணீர் மாற்றியபின், புளிப்பில் போடும் முன், ஒரு சிறு துண்டைக் கொஞ்சம் தண்ணீரில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆவியை முகர்ந்து பாருங்கள். கண் எரியும்படி வந்தாலோ, பச்சைத் துண்டு விரலில் பிசுபிசுத்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். அவ்வளவு அமோனியா என்றால் கிருமி பெருகிவிட்டது என்று பொருள். ஊறவைப்பது யூரியாவை எடுக்கும், கெட்டுப்போனதைத் திருப்பாது. ஆவியில் நெடியே இல்லாமல், சதையும் கெட்டியாக இருந்தால் அன்றே சமைத்துவிடுங்கள்.

சுறாப் புட்டுக்கும் ஊறவைக்க வேண்டுமா? (வேலூர்)

துண்டங்களை ஒரு முறை ஊறவைத்தால் போதும். வேகவைக்கும் தண்ணீரிலேயே மீதி இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, தோலை உரித்து, உதிர்த்த சதையைக் கையால் இறுகப் பிழிந்துவிடுங்கள்.

பேறு முடிந்த மகளுக்குப் பால் ஊற அந்தப் புட்டைக் கொடுக்கலாமா? (இராணிப்பேட்டை)

நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுக்கிறோம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பிற மீன்களைத் தின்று வளரும் சுறாவின் சதையில் பாதரசம் சேர்கிறது. கருவுற்றவர்களும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. யூரியாவைப் போல இது தண்ணீரில் இறங்காது, வேகவைத்தாலும் போகாது. அவருக்கு நெத்திலியோ மத்தியோ வாங்கிக் கொடுங்கள்.