சீனி போடாத காபியும் காபிக் கடையின் கோல்ட் காபியும்: சர்க்கரை நோயாளி கவனிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 56. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். காலையில் எழுந்ததும் சீனி போடாத ஃபில்டர் காபி ஒரு டம்ளர் குடிப்பேன். சென்ற வாரம் காபிக்கு முன் பார்த்தபோது 124. வேறு எதுவும் சாப்பிடாமல் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 158. ஞாயிற்றுக்கிழமை மகளோடு மாலில் இருக்கும் காபிக் கடைக்குப் போய், "சீனி வேண்டாம்" என்று சொல்லி ஒரு கோல்ட் காபி குடித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 243 காட்டியது. காபியையே விட்டுவிட வேண்டுமா, டாக்டர்?

பதில்: விட வேண்டியதில்லை, அம்மா. நீங்கள் எழுதியுள்ள இரண்டு உயர்வுகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. வீட்டுக் காபியின் 34 புள்ளி உயர்வில் காபிக்கு உள்ள பங்கு எவ்வளவு என்பதை நீங்களே அளந்து பார்க்க முடியும். கடையில் குடித்ததன் விளைவுக்கோ காபியைப் பெரும்பாலும் பொறுப்பாக்க முடியாது.

முதலில் வீட்டுக் காபியைப் பார்ப்போம். சீனியும் பாலும் சேராத காபியில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் அது ரத்தச் சர்க்கரையைச் சற்று உயர்த்தக்கூடும். காபியில் உள்ள கஃபீன் அட்ரினலின் சுரப்பைத் தூண்டுகிறது. அட்ரினலின் கூடும்போது கல்லீரல் தன்னிடம் சேமித்து வைத்துள்ள குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. அதே வேளையில் தசைகள் இன்சுலினுக்குக் கட்டுப்பட்டு குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும் வேகமும் குறைகிறது. இன்சுலின் தேவையான அளவு சுரக்கும் ஒருவருக்கு இந்த மாற்றம் வெளியே தெரியாது. கணையம் ஏற்கெனவே களைத்துப் போனவருக்கு மீட்டரில் தெரியலாம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லேன் குழுவினர் இதைச் சோதித்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமாகக் காபி குடிக்கும் பத்து இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு, காபிக்குப் பதிலாகக் காலை உணவோடும் மதிய உணவோடும் 250 மில்லிகிராம் கஃபீன் மாத்திரையாகக் கொடுத்து, ரத்தச் சர்க்கரையைத் தொடர்ச்சியாக அளந்தார்கள். கஃபீன் எடுத்த நாளில் பகல் நேரச் சராசரி சுமார் 7.5 சதவீதம் கூடியது. உணவுக்குப் பிந்தைய உயர்வுகளும் ஒவ்வொரு வேளையிலும் அதிகமாக இருந்தன; பல ஆண்டுகளாகக் காபி குடித்துப் பழகியவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. இது மிகச் சிறிய ஆய்வு. கொடுத்த அளவும், ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கோப்பைக் காபிக்குச் சமமானது. நம் வீட்டு டபரா டம்ளரில், அதுவும் சிக்கரி கலந்த தூளில், அவ்வளவு கஃபீன் இருக்காது. ஆகவே விளைவின் திசையை மட்டும் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அளவை அப்படியே உங்களுக்குப் பொருத்திவிட வேண்டாம்.

"காபி குடித்தால் சர்க்கரை நோய் வராது" என்று நீங்கள் படித்திருக்கவும் கூடும். தொடர்ந்து காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வருவது குறைவு என்று பல நாடுகளின் நீண்டகாலக் கணக்கெடுப்புகள் காட்டுவது உண்மைதான். கஃபீன் நீக்கிய காபி குடிப்பவர்களிடமும் அதே போக்கு காணப்படுவதால், அதற்குக் காரணம் காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற பிற பொருட்களாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் அவை நோய் இல்லாதவர்களைத் தொடர்ந்து கவனித்துப் பெற்ற கணக்குகள். ஏற்கெனவே நோய் உள்ள ஒருவருக்கு, காபி குடித்த அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அவற்றில் விடை கிடையாது.

உங்கள் 34 புள்ளிகளுக்கு வருவோம். அதில் மூன்று பங்குதாரர்கள் இருக்கலாம். ஒன்று விடியற்கால உயர்வு: எழும் நேரத்தில் கார்டிசால் முதலிய ஹார்மோன்கள் கூடுவதால், எதுவும் குடிக்காமலிருந்தாலும் பலருக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். இரண்டாவது பால்: ஒரு டம்ளர் காபியில் 100 முதல் 120 மில்லி பால் இருந்தால் ஐந்தாறு கிராம் லாக்டோஸ், அதாவது பாலின் இயல்பான சர்க்கரை, உள்ளே போகிறது. மூன்றாவது கஃபீன். இவற்றைப் பிரித்துப் பார்க்க மூன்று விதமான காலைகள் போதும். முதல் விதக் காலையில் வெந்நீர் மட்டும்; இரண்டாம் விதத்தில் வழக்கமான அளவு டிகாக்ஷனை வெந்நீரில் கலந்து பாலில்லாமல்; மூன்றாம் விதத்தில் உங்கள் வழக்கமான காபி. ஒவ்வொரு முறையும் எழுந்தவுடன் ஒரு அளவீடு, சரியாக ஒரு மணி நேரம் கழித்து மற்றொன்று. அந்த ஒரு மணி நேரத்தில் சாப்பாடும் நடைப்பயிற்சியும் வேண்டாம். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள்; பாலோ பழமோ தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் துளிச் சர்க்கரை மீட்டரை ஏமாற்றிவிடும்.

ஒவ்வொரு விதத்தையும் ஒரே ஒரு நாள் செய்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. தரமான வீட்டு மீட்டரும், 100-க்கு மேற்பட்ட அளவுகளில், ஆய்வக அளவீட்டிலிருந்து 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்ட அனுமதி உண்டு. உங்கள் 158, உண்மையில் 140 ஆகவும் இருந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொன்றையும் மூன்று நாள் செய்து, உயர்வின் சராசரியை ஒப்பிடுங்கள். முந்தைய இரவு சரியாகத் தூங்காத நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தூக்கக் குறைவே ரத்தச் சர்க்கரையைக் கூட்டக்கூடியது. பதினெட்டு ஸ்ட்ரிப் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் நாள் தவறாமல் குடிக்கும் ஒரு பானத்தைப் பற்றிய சந்தேகம் தீர அது அதிக விலை இல்லை என்றே நினைக்கிறேன்.

வெந்நீர் நாட்களிலேயே 25 புள்ளி ஏறுகிறது என்றால், உயர்வின் பெரும்பகுதி விடியற்காலத்தினுடையது. காபியை நிறுத்தி நீங்கள் பெறப்போவது ஒன்றுமில்லை. பாலில்லாத டிகாக்ஷன் நாட்களில் அதைவிடக் கூடுதலாக 15, 20 புள்ளிகள் தொடர்ந்து தெரிந்தால், உங்கள் உடல் கஃபீனுக்கு எதிர்வினை காட்டுகிறது. அப்போது காபியைக் காலை உணவுக்குச் சற்று முன்னும் உணவோடும் குடிப்பதைத் தவிர்த்து, பதினொரு மணி போல இரு வேளை உணவுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். கஃபீனின் விளைவு மாவுச்சத்துள்ள உணவோடு சேரும்போதுதான் பெரிதாகிறது. டிகாக்ஷனின் அளவைக் குறைப்பதும் கஃபீன் நீக்கிய தூளுக்கு மாறுவதும் மற்ற வழிகள். வழக்கமான காபி நாட்களில் மட்டும் கூடினால் காரணம் பால். அளவைக் குறைத்தாலே சரியாகும். எப்படியிருந்தாலும், வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குப் போகும் காலையில் பாலில்லாத காபிகூட வேண்டாம்; தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்.

இனிக் கடையின் கோல்ட் காபி. "சீனி வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதை அந்தக் கடைக்காரர் மதித்திருப்பார். தனியாகச் சேர்க்கும் சீனியைச் சேர்த்திருக்க மாட்டார். ஆனால் இத்தகைய பானங்களின் இனிப்பு பெரும்பாலும் அடிப்படைப் பொருட்களிலேயே இருக்கிறது. நுரை கட்டுவதற்கான பிரீமிக்ஸ் பவுடர், வனிலா அல்லது கேரமல் சிரப், சாக்லேட் சாஸ், ஐஸ்கிரீம் ஆகிய எல்லாமே சீனியோடுதான் வருகின்றன. ஓர் உதாரணத்தைக் கூட்டிப் பார்க்கலாம். 200 மில்லி பாலில் 10 கிராம் லாக்டோஸ். சிரப் பம்ப் ஒரு அழுத்தத்துக்குச் சுமார் 5 கிராம் சீனி என்றால் மூன்று அழுத்தத்துக்கு 15. ஒரு கரண்டி ஐஸ்கிரீமில் சுமார் 15. மேலே ஊற்றும் சாக்லேட் சாஸில் 10. மொத்தம் 50 கிராம். ஐந்து நடுத்தர இட்லியின் மாவுச்சத்து இது. வித்தியாசம் என்னவென்றால், ஐந்து இட்லி சாப்பிட்டால் சாப்பிட்டோம் என்று வயிறு சொல்லும், கோல்ட் காபிக்குப் பிறகு வீட்டுக்கு வந்து வழக்கம்போல இரவு உணவும் சாப்பிடுவோம். அந்த ஒரு கண்ணாடிக் கோப்பையில் கஃபீனின் பங்கைத் தேடுவது வீண்.

இந்தக் கணக்கைக் கடையிலேயே தோராயமாகப் போட ஒரு வழி உண்டு. பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வொரு பண்டத்துக்கும் உரிய கலோரியை மெனுவில் காட்ட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மெனுவில் 320 கலோரி என்றிருக்கிறது, பானத்தில் 200 மில்லி பால், கிரீமோ ஐஸ்கிரீமோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். சமன்படுத்திய பாலுக்கு 120 கலோரியைக் கழித்தால் மீதி 200. காபிக்குக் கலோரி கிட்டத்தட்ட இல்லை. ஆகவே அந்த 200 பெரும்பாலும் சீனி. ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி வீதம் 50 கிராம். கிரீமும் ஐஸ்கிரீமும் சேர்ந்த பானத்துக்கு இந்தக் கழித்தல் பொருந்தாது, ஏனெனில் கொழுப்பும் கலோரி தரும். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் உச்சம் தள்ளிப் போகலாம். உங்கள் 243-தான் உச்சம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாம் மணியில் பார்த்திருந்தால் அதைவிடக் கூடுதலாகவும் இருந்திருக்கலாம்.

மகளோடு அடுத்த முறை போகும்போது, சூடான காபுச்சினோ சிறிய அளவில், சிரப் இல்லாமல் கேளுங்கள். அதில் பாலின் ஏழெட்டு கிராம் லாக்டோஸ் தவிர வேறு இருக்காது. குளிர்ச்சியாகத்தான் வேண்டும் என்றால் ஐஸ் அமெரிக்கானோவில் சிறிது பால் சேர்த்துத் தரச் சொல்லலாம். பெரிய அளவு லாத்தேயில் பால் 300 மில்லி வரை போகும் என்பதால், சீனி இல்லாமலே 15 கிராம் லாக்டோஸ் வந்துவிடும். ஓட்ஸ் பாலை உடல்நலத்துக்கு என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதைத் தயாரிக்கும்போதே ஓட்ஸின் மாவுச்சத்து மால்ட்டோஸாக உடைந்துவிடுவதால், உங்களுக்கு அது பசும்பாலைவிட நல்லது என்று சொல்ல மாட்டேன். கருப்பட்டிக் காபியும் நாட்டுச்சர்க்கரைக் காபியும் உங்கள் மீட்டரைப் பொறுத்தவரை சீனிக் காபியேதான். கேட்க வேண்டிய கேள்வி "சீனி போடுவீர்களா" என்பதைவிட "பவுடரிலும் சிரப்பிலும் இனிப்பு இருக்கிறதா" என்பதாக இருக்கட்டும். பதில் தெளிவாக வராவிட்டால் அந்தப் பானத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் வந்த 243-ஐ வைத்து மாத்திரையைக் கூட்ட வேண்டாம். காபிக் கடைக்குப் போகும் முன் ஒரு மெட்ஃபார்மின் கூடுதலாகப் போட்டுக்கொள்வதாகச் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. அந்த மருந்து முக்கியமாகக் கல்லீரல் குளுக்கோஸ் வெளியிடுவதை நாள்பட்ட முறையில் மட்டுப்படுத்துகிறது; அப்போது குடிக்கும் 50 கிராம் சீனியை அது தடுத்து நிறுத்தாது. வெறும் வயிற்று அளவு தொடர்ந்து 130-ஐத் தாண்டினாலோ, சாதாரண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரண்டு மணி நேர அளவு 180-க்கு மேலேயே நின்றாலோ, மேலே சொன்ன ஒன்பது காலைகளின் குறிப்பேட்டையும் கடைசி ஹெச்பிஏ1சி முடிவையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.