முன்மொழிவு ஸ்லைடுகளிலிருந்து எதிர்வாதத்தை எடுப்பது எப்படி?

கேள்வி: நகர மையத்தில் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கும் முன்மொழிவின் ஸ்லைடுகளைக் கொடுத்து, ஆதரவு, எதிர்ப்பு இரண்டுக்கும் வாதக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்லைடு முழுக்க ஆதரவுதான் இருக்கிறது. எதிர்ப்பை எங்கே போய்த் தேடுவது?

போட்டிக்காகத் தயாராகும் கல்லூரி மாணவர் நீங்கள் என்றும், கையில் நேரம் அதிகம் இல்லை என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வழிகாட்டும் மாணவர் குழுவுக்கும் இதே தலைப்பில், ஓர் ஆலோசனை நிறுவனம் இந்திய நகரம் ஒன்றுக்காகத் தயாரித்த ஸ்லைடுகள் வந்தன. இணையத்தில் எதிர்ப்புக் கட்டுரைகளைத் தேட வேண்டாம் என்று அவர்களைத் தடுத்துவிட்டேன். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மூன்று வரி எழுதச் சொன்னேன்: அது என்ன சொல்கிறது, அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறது, அந்த ஆதாரம் நமது நகரத்துக்கும் பொருந்த வேண்டுமானால் வேறு என்னவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு அந்த மூன்றாவது வரியில்தான் கிடைக்கும்.

ஒரு ஸ்லைடில், லண்டனில் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டு கட்டணம் வந்ததும் மையப் பகுதிக்குள் நுழையும் போக்குவரத்து ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்தது என்று பெரிய எழுத்தில் இருந்தது. இது உண்மையே. ஆனால் வாகன எண்ணிக்கை வேறு, பயணத் தாமதம் வேறு. சில ஆண்டுகளுக்குப் பிறகும் எண்ணிக்கை குறைந்தே இருந்தது. தாமதமோ ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. ஸ்லைடு வாகன எண்ணிக்கையைக் காட்டிவிட்டு நேரம் மிச்சமாகும் என்று வாக்குறுதி தருகிறது என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாயிற்று. ஆதரவுத் தரப்பு இதை எதிர்கொள்ளாமல் 18 சதவீதத்தையே திரும்பத் திரும்பச் சொன்னால் தோற்றுவிடும். குழாய் பதிப்பு போன்ற பணிகளுக்காகச் சாலைகள் தோண்டப்பட்டதும், பேருந்துகளுக்கும் நடப்பவர்களுக்கும் சாலையில் கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டதும் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆகவே கட்டணம் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதே அவர்களுக்குரிய வலுவான பதில்.

குழு அதிக நேரம் செலவிட்டது ஸ்டாக்ஹோம் ஸ்லைடில். அங்கே 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனை முறையில் கட்டணம் வசூலித்தார்கள். கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகள் ஆதரித்தார்கள். ஸ்லைடு சொல்லாமல் விட்டது, கூடுதல் பேருந்துகள் 2005 ஆகஸ்டிலேயே, அதாவது கட்டணத்துக்கு முன்பே, ஓடத் தொடங்கிவிட்டன என்பதை. நமது முன்மொழிவிலோ கட்டணம் முதலில். அதில் வரும் வருவாயில்தான் பேருந்துகள் வாங்கப்படும். காரை விட்டு இறங்குபவர் முதல் ஆண்டில் எதில் ஏறுவார் என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். அதே ஸ்டாக்ஹோம் ஆதரவுத் தரப்புக்கும் உதவும்: பேருந்துகளை மட்டும் கூட்டிய அந்த மாதங்களில் கார்கள் குறைந்ததாகத் தெரியவில்லை, கட்டணம் வந்த பிறகே குறைந்தன. ஒரே செய்தி இரு பத்தியிலும் வருகிறதே என்று ஒரு மாணவி தயங்கினார். இரண்டு பக்கமும் எழுதும்படி சொன்னேன். வாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது.

தனித்தனியே படிக்கையில் சரியாகத் தோன்றும் ஸ்லைடுகளை அருகருகே வைத்தும் பாருங்கள். எங்களுக்கு வந்ததில் ஒன்று வாகனங்கள் வெகுவாகக் குறையும் என்றது. இன்னொன்று, இன்றைய வாகன எண்ணிக்கையைக் கட்டணத்தால் பெருக்கி ஆண்டு வருவாயைக் கணக்கிட்டிருந்தது. வாகனங்கள் குறைந்தால் அந்த வருவாய் வராது.

ஸ்லைடுகள் மௌனமாக இருக்கும் இடமும் உண்டு. லண்டனில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. நமது நகரங்களில் பதிவாகும் வாகனங்களில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். அவற்றுக்குக் கட்டணம் உண்டா என்று ஒரு வார்த்தைகூட இல்லை. விலக்கு அளித்தால் பலர் காரிலிருந்து பைக்குக்கு மாறுவார்கள். விதித்தால் சுமை குறைந்த வருமானக்காரர்மீது விழும். இதில் முன்மொழிவின் நிலைப்பாட்டை நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம். 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுதி, இரு நிலைக்கும் ஒவ்வொரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, நான் நெரிசல் கட்டணத்துக்கு எதிரி என்று சிலர் பின்னூட்டம் இடுவார்கள். எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கும். அதனால்தான் எதிர்த்தரப்பை இவ்வளவு கவனமாக எழுத வைத்தேன். வாதங்களின் எண்ணிக்கை பார்த்து மதிப்பெண் போடும் நடுவர்களைப் பற்றி எனக்குப் பழைய மனக்குறை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் தரப்புக்கு மூன்று வாதங்களைத் தாண்ட வேண்டாம்; ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஸ்லைடு எண்ணைக் குறித்துவிட்டால், 'இது எங்கே இருக்கிறது?' என்று நடுவர் கேட்கும்போது காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்க நேராது.